கழுவியதைக் கேட்கவில்லை

பிளேட்லெட் எண்ணிக்கை திடீரென்று பாதியாகக் குறைந்து வந்தால், லேபில் இருக்கிற நாங்கள் முதலில் நோயாளியைச் சந்தேகப்பட மாட்டோம். குழாயைச் சந்தேகப்படுவோம். ரத்தம் எடுத்தவர் சரியாகக் கலக்கவில்லை, குழாய்க்குள்ளேயே கட்டி விழுந்துவிட்டது, மெஷின் ஏமாந்துவிட்டது என்று ஒரு பட்டியல் எப்போதும் தயாராக இருக்கும். அந்தப் பட்டியலில் எங்கள் பெயர் மட்டும் இருக்காது.

திருவள்ளூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் லேபுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்டது, ஆனால் சென்னையிலிருந்து ரிப்போர்ட் மட்டும் ஃபேக்சில்தான் வரும், அப்படி ஒரு காலம். மழை தொடங்கினால் ஆட்டோ ஓட்டுகிறவர் வரைக்கும் "செல்லு எவ்ளோ இருக்குது?" என்று கேட்பார். டெங்குவின் புண்ணியத்தில் பிளேட்லெட் என்கிற தட்டணு எங்கள் பக்கத்தில் அரிசி, பருப்பு மாதிரி ஆகிவிட்டிருந்தது. குறைந்தால் ரத்தம் கசியும், ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் எல்லோருக்கும் தெரியும். குறையும்போதே ரத்தம் உறைந்து காலை அடைக்கிற ஒரு நோயும் உண்டு என்று சொன்னால் சிரிப்பார்கள். படித்தவர்களே சிரித்தார்கள்.

அந்த மழையில்தான் அவள் வந்தாள். ஆரம்பாக்கத்துப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனியில், ஓடுகிற பெல்ட்டின் முன்னால் நின்று கோளாறான உருப்படிகளைப் பொறுக்கி எறிகிற வேலை. எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும். உட்கார்ந்தால் மேஸ்திரி வந்து நிற்பான். கம்பெனி வேன் எளாவூர் செக்போஸ்ட் அருகே லாரியின் பின்னால் மோதியதில் அவளுக்கு இடது கால் எலும்பு உடைந்தது. கும்மிடிப்பூண்டியில் ஒரு சிறிய நர்சிங் ஹோமில் மாவுக்கட்டு போட்டு, தோல் கிழிந்த இடத்துக்காக ஒரு வாரம் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். ஏழாம் நாள் வலது கால் வீங்கியது. உடையாத கால். அதனால் பயந்துபோய் எங்களிடம் அனுப்பிவிட்டார்கள்.

ஸ்கேனில் வலது காலின் பெரிய சிரையில் உறைவு தெரிந்தது. எங்கள் பொது மருத்துவர் உடனே ஹெப்பாரின் தொடங்கினார். ரத்தம் உறையாமல் தடுக்கிற மருந்து அது. பம்ப்பில் வைத்துச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். கூடவே அன்றிலிருந்தே, அதே வேலையைச் செய்கிற வார்ஃபரின் மாத்திரை. எல்லோரும் செய்கிறதைத்தான் அவரும் செய்தார். அதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அன்று அவளுடைய பிளேட்லெட் ஒரு லட்சத்து முப்பதாயிரம். அடிபட்ட அன்று நர்சிங் ஹோமில் எடுத்த ரிப்போர்ட்டில் இரண்டு லட்சத்து அறுபதாயிரம் என்று இருந்தது. சரியாகப் பாதி. வேறு ஊர், வேறு மெஷின் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை எங்கள் மெஷினிலேயே அறுபத்திரண்டாயிரம் வந்தது. வழக்கப்படி குழாயைச் சந்தேகப்பட்டு, கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தேன். தட்டணுக்கள் கும்பலாக ஒட்டிக் கிடக்கவில்லை. சிட்ரேட் போட்ட வேறு குழாயில் மறுபடி எடுத்து எண்ணினேன். அதே எண். உண்மையிலேயே குறைந்திருந்தது.

எனக்கு உடனே தோன்றியது ஹெப்பாரின்தான். சில பேருக்கு இந்த மருந்து தட்டணுவில் இருக்கிற ஒரு புரதத்தோடு சேர்ந்துகொள்ளும். அந்தக் கூட்டைப் பகையாளி என்று நினைத்து உடம்பு ஆன்டிபாடி செய்யும். அந்த ஆன்டிபாடி தட்டணுக்களைத் தூண்டிவிட்டு ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும். எண்ணிக்கை குறையும், உறைவு கூடும். வழக்கமாக இருபதாயிரத்துக்குக் கீழே போகாது, ரத்தமும் கசியாது. உறையாமல் இருக்கக் கொடுத்த மருந்தே உறைய வைக்கும் என்பதால்தான் யாருக்கும் நம்பிக்கை வருவதில்லை.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேரே மருத்துவரிடம் போனேன். அவர் நல்ல மனிதர். லேபிலிருந்து வருகிறவரை நிற்க வைத்துப் பேச மாட்டார்.

"உக்காருங்க. நீங்க நினைக்கறது புரியுது. ஆனா நாள் ஒத்துவரலையே. ஹெப்பாரின் ஆரம்பிச்ச நாளை பூஜ்யம்னு வெச்சா, அஞ்சாம் நாள்லேர்ந்து பத்தாம் நாளுக்குள்ள விழணும். ஆன்டிபாடி உண்டாக அவ்வளவு நாள் ஆகும். நாம நேத்துதானே ஆரம்பிச்சோம்?"

"முன்னாடியே போட்டிருந்தா சார்?"

"அப்படின்னா ஒரே நாள்ல விழும். சமீபத்துல போட்டிருக்காங்களான்னு அந்த நர்சிங் ஹோமைக் கேட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். இந்த இடத்தை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது. போனை எடுத்தது அவளைக் கவனித்துக்கொண்ட நர்சேதான்.

"சிஸ்டர், அந்த ஆரம்பாக்கம் கேசுக்கு ஹெப்பாரின் குடுத்தீங்களா?"

"இல்ல மேடம். ஆன்டிபயாடிக்கும் வலி ஊசியும் மட்டும்தான்."

"நல்லா பாத்துட்டு சொல்லுங்க."

"சார்ட்டு கைலதான் மேடம் வெச்சிக்கினுகீறேன். குடுக்கல."

அவளுடைய கணவரையும் கேட்டேன். ஆரம்பாக்கத்தில் சொந்த நிலத்தில் நெல் போடுகிறவர். "கலர் மாத்திரை நெறைய குட்த்தாங்கோ. வேற இன்னா குட்த்தாங்கோன்னு நமக்கு இன்னாம்மா தெரியும்?" என்றார். நியாயம்தான்.

அந்த ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்க, சென்னையில் ஒரு பெரிய லேபுக்கு அவளுடைய ரத்தத்தின் தெளிநீரான சீரத்தை அனுப்பினேன். படிவத்தில் 'ஹெப்பாரின் தொடங்கியது: நேற்று, அதற்கு முன்: இல்லை' என்று என் கையெழுத்தில் எழுதினேன். அதைப் படித்த எவரும் அவசரப்பட மாட்டார்கள், படவும் இல்லை. அந்தச் சோதனைத் தட்டில் தொண்ணூற்றாறு குழிகள். ஒரே ஒரு நோயாளிக்காக அதைப் பிரிக்க மாட்டார்கள். நாலைந்து சீரம் சேர்ந்த பிறகு போடுவார்கள். என் படிவத்தைப் பார்த்தால் காத்திருக்கக் கூடிய நோயாளி என்றுதான் யாருக்கும் தோன்றும்.

மறுநாள் நாற்பத்தெட்டாயிரம். லேசாகக் காய்ச்சல் வேறு. "டெங்குவா இருக்கலாம்" என்றார் மருத்துவர். டெங்கு சோதனை செய்தேன், இல்லை. "கிருமி பரவி இருக்கலாம்" என்றார். கல்ச்சர் போட்டேன், எதுவும் வளரவில்லை. அதற்கு அடுத்த நாள் நாற்பத்தோராயிரம். அன்று வார்ஃபரினுக்காகப் பார்க்கிற ஐ.என்.ஆர். ஐந்தைத் தாண்டியது. ரத்தம் உறையத் தாமதமானால் ஏறுகிற, இரண்டு மூன்றுக்குள் இருக்க வேண்டிய எண். அந்த எண்ணை டைப் அடித்து வார்டுக்கு அனுப்பினேன். அதே நேரத்தில் வார்டில் அவளுடைய வலது கால் விரல்கள் நாவற்பழ நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. தட்டணு ஏறுவதற்கு முன்னால் இந்த நோயில் வார்ஃபரின் கொடுத்தால் சின்னச் சின்னக் குழாய்களும் அடைபடும். அது புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அவளுக்கு அந்த நோய் என்று எந்தத் தாளிலும் இல்லை. என் தாளில் இல்லை என்றே இருந்தது.

ரத்தம் எடுக்கப் போனபோது அவள் கேட்டாள்.

"மேடம், ஒடஞ்ச காலு வலிக்கவே இல்ல. நல்லா இருக்கற காலுதான் எரியுது. டாக்டரு மாத்தி கீத்தி வெச்சிக்கினாரா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். நானும் சிரித்தேன்.

"ஒரு காலு ஒடஞ்சா கம்பெனில மூணு மாசம் லீவு தருவாங்கோ. நிக்க முடியலன்னா வேல கெடையாது. பாத்து சொல்லுங்க மேடம்."

அடுத்த நாள் ஃபேக்ஸ் வந்தது. ஆன்டிபாடி இருக்கிறது. குழியில் விழுகிற நிறத்தின் அடர்த்தியை மெஷின் அளந்து எண்ணாகச் சொல்லும். 0.4-ஐத் தாண்டினாலே பாசிட்டிவ். அவளுக்கு 2.3. ஹெப்பாரினை ஏராளமாகச் சேர்த்தபோது அந்த நிறம் அடங்கிப்போயிருந்தது. அதாவது ஆன்டிபாடி ஹெப்பாரின் கூட்டைத்தான் பிடிக்கிறது, வேறு எதையோ அல்ல. படியில் இரண்டு இரண்டாகத் தாவி மாடிக்குப் போனேன்.

மருத்துவர் ஃபேக்சை நிதானமாகப் படித்தார்.

"இந்தச் சோதனை நெகட்டிவா வந்தா நோய் இல்லைன்னு தைரியமாச் சொல்லலாம். பாசிட்டிவா வந்தா நோய்தான்னு சொல்ல முடியாதே. ஹெப்பாரின் போட்ட எத்தனையோ பேருக்கு இந்த ஆன்டிபாடி சும்மா இருந்துட்டுப் போகும்."

"இவ்வளவு அதிகமா இருக்கே சார். அதுவும் நாம ஆரம்பிச்ச மறுநாள் எடுத்த ரத்தம். ஒரே நாள்ல இத்தனை ஆன்டிபாடி எங்கேர்ந்து வரும்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அதனாலதான் எனக்கு அந்தச் சோதனைக் கிட் மேலயே சந்தேகம். முன்னாடி போடலைன்னு நீங்கதானே கேட்டுச் சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். அவருடைய புத்தகம் சரி. நான் கொடுத்த தேதிதான் தவறு. அது அப்போது எனக்குத் தெரியாது.

இருந்தாலும் அவர் ஹெப்பாரின் பம்ப்பை நிறுத்தச் சொன்னார். ஐ.என்.ஆர். எகிறியதால் மாத்திரையையும் நிறுத்தி அதை முறிக்க வைட்டமின் கே கொடுத்தார். உறைவுக்கு வேறு மருந்து எதையும் தொடங்கவில்லை. "அந்த ஆன்டிபாடி தட்டணுவை நெஜமாவே தூண்டுதான்னு பாக்கற சோதனையும் செஞ்சுடுங்க. அதுவும் ஆமான்னு சொன்னா நான் ஒத்துக்கறேன்" என்றார். அந்தச் சோதனை செய்யும் இடம் சென்னையில் ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரியும். மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

ஹெப்பாரினை நிறுத்தினால் எண்ணிக்கை ஏற வேண்டும். மறுநாள் முப்பத்தெட்டாயிரம். அதற்கும் மறுநாள் முப்பத்தாறாயிரம். "பாத்தீங்களா, ஹெப்பாரின் இல்ல" என்றார் மருத்துவர். அவர் குரலில் ஜெயித்த சந்தோஷம் எதுவும் இல்லை, வருத்தம்தான் இருந்தது. கால் பாதம் வரைக்கும் கறுத்துவிட்டது. எனக்கோ தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அன்று ரத்தம் எடுக்க ஆளை அனுப்பாமல் நானே போனேன். அவள் கட்டிலருகே வார்டு நர்ஸ் சிரிஞ்சுடன் நின்று, கையில் குத்தியிருந்த ஊசிக் குழாய்க்குள் எதையோ தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அது இன்னா சிஸ்டர்?"

"கழுவற தண்ணி மேடம். லைன் அடைச்சிக்கினா நரம்பு கெடைக்கலன்னு அப்பறம் நீங்கதான் கத்துவீங்கோ."

"அதுல இன்னா கலந்துகுது?"

"சலைன்ல கொஞ்சூண்டு ஹெப்பாரின். எப்பவும் போடறதுதானே?"

"ஹெப்பாரின் நிறுத்தியாச்சுன்னு சார்ட்ல எழுதிக்குதே!"

"ஹெப்பாரின நிறுத்திட்டோமே மேடம். பம்ப்பைக் கூட கழட்டி அனுப்பிட்டோம். இது மருந்து இல்ல, கழுவறது."

அவள் பொய் சொல்லவில்லை. கத்தரிக்கோலை வைத்திருக்கிற தட்டில் ஒரு சலைன் பாட்டில் நின்றது. பிளாஸ்திரி ஒட்டி 'ஃப்ளஷ்' என்று மட்டும் எழுதியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. எழுத வேண்டும் என்று யாரும் சொன்னதும் இல்லை. பதினோரு வருடம் அந்த வார்டுகளில் ரத்தம் எடுத்தவள் நான். அந்தப் பாட்டிலை நூறு முறையாவது நகர்த்தி வைத்துவிட்டு என் தட்டை வைத்திருப்பேன்.

வராந்தாவில் நின்றபடியே கும்மிடிப்பூண்டிக்குப் போன் செய்தேன். அதே நர்ஸ்.

"சிஸ்டர், அந்தக் கேசுக்கு லைன் கழுவுனீங்களா?"

"ஆமா மேடம். ஒவ்வொரு வாட்டி ஆன்டிபயாடிக் ஏத்துன பெறகும். நாளைக்கி மூணு வாட்டி."

"எதுல கழுவுனீங்க?"

"ஹெப்பாரின் தண்ணில."

"அன்னிக்குக் கேட்டப்ப இல்லன்னீங்களே!"

"குடுத்தீங்களான்னுதானே மேடம் கேட்டீங்கோ? குடுக்கல. கழுவுனோம்."

விபத்து நடந்த அன்றே கழுவத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த நாளைப் பூஜ்யமாக வைத்தால், எங்களிடம் வந்த ஏழாம் நாளில் எண்ணிக்கை பாதி. எட்டாம் நாளில் கால்வாசி. மருத்துவர் சொன்ன ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில், அளந்து வைத்தது போல் உட்கார்ந்திருந்தது. கழுவுகிற துளியே போதும் இந்த ஆன்டிபாடிக்கு. வலது கால் அடைத்ததே அதனால்தான் என்று இப்போது சொல்ல எனக்குத் தயக்கமில்லை. அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வைத்தியம், பம்ப்பு நிறைய அதே மருந்து.

மருத்துவரிடம் சொன்னேன். அவர் எழுந்து வார்டுக்குப் போய் அந்தப் பாட்டிலைத் தன் கையாலேயே தொட்டியில் கொட்டினார். லைனை வெறும் சலைனில் மட்டும் கழுவச் சொன்னார். ஹெப்பாரின் வகையே அல்லாத வேறொரு ஊசியைச் சென்னையிலிருந்து அன்றே வரவழைத்துத் தொடங்கினார். மறுநாள் காலை எண்ணிக்கை ஐம்பத்தொன்பதாயிரம். முதல் முறையாக ஏறியிருந்தது. கால்தான் எண்ணிக்கையோடு சேர்ந்து திரும்பவில்லை.

அன்றுதான் சென்னையில் எனக்குக் கொடுத்திருந்த நாள். ஐஸ் டப்பாவில் அவளுடைய சீரத்தை வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். அங்கே இன்னொரு விஷயம் சொன்னார்கள். இந்தச் சோதனைக்கு நோயாளியின் தட்டணு உதவாது, ஆரோக்கியமான ஒருவருடைய புதுத் தட்டணு வேண்டும், பத்து நாளாக ஆஸ்பிரின் தொடாதவராக இருக்க வேண்டும். வழக்கமாக ரத்தம் கொடுப்பவர் ஒருவர் வந்திருந்தார், இன்னொருவர் வரவில்லை. என் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கையை நீட்டினேன்.

என் தட்டணுவில் அவளுடைய சீரத்தைக் கலந்து, கொஞ்சமே கொஞ்சம் ஹெப்பாரின் விட்டார்கள். தட்டணு ஒட்டுவதைக் கோடாக வரைகிற மெஷினின் பேனா சில நிமிடம் நேராக ஓடியது. பிறகு சரசரவென்று ஏறியது. கலங்கலாக இருந்த திரவம் தெளிந்து, உள்ளே துகள் துகளாகக் கட்டி மிதந்தது. அடுத்த குழாயில் அதே சீரம், அதே தட்டணு, ஹெப்பாரின் மட்டும் ஏராளம். பேனா கடைசி வரை நேர்க்கோடு. மற்றவரின் தட்டணுவிலும் அப்படியே. கொஞ்சத்துக்கு ஒட்டி, நிறையச் சேர்த்தால் ஒட்டாமல் இருந்தால் அதுதான் இந்த நோய், சந்தேகமே இல்லை. என் ரத்தம் கண்ணெதிரே கட்டியாவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், சரியாகக் கண்டுபிடித்த சந்தோஷம் துளிகூட வரவில்லை. அழுகைதான் வந்தது.

ரிப்போர்ட்டுடன் திருவள்ளூர் திரும்பியபோது அவளை ஆபரேஷன் முடித்து வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். வலது கால், முழங்காலுக்குக் கீழே. மருத்துவர் வராந்தாவில் நின்றிருந்தார். தாளை வாங்கிப் படித்துவிட்டு, "ஒத்துக்கறேன்" என்றார். அதைக் கேட்கத்தான் நான் இத்தனை நாள் ஓடினேனா என்று இருந்தது.

பிறகு நடந்தவை வழக்கமானவை. கூட்டம் போட்டார்கள். அரிய நோய், துரதிர்ஷ்டம் என்றார்கள். வார்டு நர்சுக்கு மெமோ கொடுத்தார்கள். எனக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை, முயற்சி எடுத்ததற்காகப் பாராட்டு வேறு. தவறான சொல்லைக் கேட்டு, தவறான வரியைப் படிவத்தில் எழுதியவள் நான் என்று சொல்ல வாயெடுத்தேன். "நீங்க இல்லன்னா உயிரே போயிருக்கும்" என்று வாயை அடைத்தார்கள். அதில் உண்மை இருக்கலாம். நின்று வேலை செய்கிறவளிடம் போய் யாராவது அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

அவள் வீட்டுக்குப் போகிற அன்று, தபால் கார்டு அளவு அட்டையில் சிவப்பு மையால் நானே எழுதிக் கொடுத்தேன். எங்கே போனாலும் இதைக் காட்டு என்றேன். படித்துப் பார்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப கழுவுனதுலதான் போச்சா மேடம்?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

ஒன்றரை வருடம் கழித்துப் பித்தப்பைக் கல்லுக்காக அதே மருத்துவமனையில் சேர்ந்திருந்தாள். செயற்கைக் கால் கட்டிலுக்குக் கீழே நின்றது. நான் ரத்தம் எடுக்கப் போன நேரம், புதிதாக வந்திருந்த நர்ஸ் ஒருத்தி லைன் போட்டு முடித்துச் சிரிஞ்சைக் கையில் எடுத்தாள். இவள் சட்டென்று அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். மறு கையால் தலையணைக்கு அடியிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள்.

"பாத்தேம்மா. மருந்து எதுவும் குடுக்கல, சும்மா கழுவறேன்" என்றாள் நர்ஸ்.

"கீழ இருக்கறதையும் படி."

அட்டையை நான் வாங்கினேன். லேமினேட் செய்து வைத்திருந்தாள். மேலே என் கையெழுத்து: 'இவருக்கு ஹெப்பாரின் கொடுக்கக் கூடாது.' எல்லாம் தெரிந்த பிறகும், அத்தனையும் நடந்த பிறகும், கொடுக்கக் கூடாது என்றுதான் எழுதியிருந்தேன். அதற்குக் கீழே நீல பால்பாயிண்ட் பேனாவில், கோணல் மாணலான எழுத்தில், அவளே எழுதிச் சேர்த்திருந்தாள்: 'கழுவவும் கூடாது.'